இருபது வருடம் பேசாத பள்ளித் தோழிக்கு முதல் செய்தி: தேடுவதில் தொடங்கி பதில் வரும் வரை

பெரும்பாலானவர்கள் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பழைய பெயர் திரையில் தென்படும், உடனே ‘ஹாய், என்னை ஞாபகம் இருக்கா?’ என்று தட்டி அனுப்பிவிடுவார்கள். பதில் வராது. அப்புறம் ‘அவ மாறிட்டா’ என்று ஒரு முடிவு.

நானும் அப்படி ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். பிறகு வேறொரு தோழிக்கு முறையாக எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு ‘எனக்கும் எழுதிக் கொடு’ என்று வந்த நாலைந்து பேரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தேன். எழுத்தில் விழுந்தவர்கள் குறைவு. எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விழுந்தவர்களே அதிகம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வகை: சண்டை எதுவும் இல்லாமல், நம் சோம்பலால் விட்டுப்போன நட்பு. என் தோழி பள்ளி முடித்ததும் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் பதில் போடவில்லை. அவ்வளவுதான், இருபது வருடம் ஓடிவிட்டது.

1. ‘இப்ப எதுக்கு?’ என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள்

செய்தியைப் பார்த்ததும் அவருக்கு முதலில் தோன்றப்போவது சந்தோஷம் இல்லை. ‘இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு?’ என்பதுதான். கடன் கேட்கவோ, பாலிசி விற்கவோ, வேலைக்குச் சிபாரிசு கேட்கவோ திடீரென்று வந்து நின்ற பழைய நண்பர்களை அவரும் பார்த்திருப்பார்.

அதனால் முதலில் ஒரு தாளில் உங்கள் காரணத்தை எழுதுங்கள். அது சின்னதாக, நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். ‘உன் ஞாபகம் வந்தது’ என்பது போதாது, ஏன் வந்தது என்பது வேண்டும். வீடு மாறும்போது என் பழைய ஜியோமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. மூடியின் உள்பக்கம் எங்கள் இருவரின் இனிஷியலும் காம்பஸ் முனையால் கீறப்பட்டிருந்தன. உள்ளே இரண்டு காம்பஸ். எனக்குக் காரணம் அதுதான்.

நிஜமாகவே ஓர் உதவி தேவைப்பட்டு எழுதுகிறீர்கள் என்றால் அதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று நாள் பழைய கதை பேசிவிட்டு நான்காம் நாள் உதவி கேட்டால், அந்த மூன்று நாளும் பொய்யாகிவிடும். நேராகக் கேட்டவரை மன்னிக்கலாம், சுற்றி வளைத்தவரை மன்னிப்பது கஷ்டம்.

2. ஆள் அவர்தானா என்று உறுதி செய்யுங்கள்

இருபது வருடத்தில் பெயரின் பின்பாதி மாறியிருக்கலாம். இனிஷியல் விரிந்து முழுப் பெயராகியிருக்கலாம். முகமும் மாறியிருக்கும். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அதே வகுப்பில் படித்த வேறு இரண்டு பேராவது அந்தக் கணக்கின் நண்பர் பட்டியலில் இருந்தால் ஓரளவு நம்பலாம்.

பழைய டைரியில் இருக்கும் தொலைபேசி எண்ணை நம்பவே நம்பாதீர்கள். கைவிடப்பட்ட எண்ணைச் சில காலம் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். என்னிடம் உதவி கேட்டு வந்த ஒருவர், பள்ளிக்காலத்து ரகசியம் ஒன்றை விலாவாரியாக எழுதி, சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு அனுப்பியிருந்தார். ‘ராங் நம்பர், ஆனா கதை நல்லா இருந்துச்சு’ என்று பதில் வந்தது.

பொதுவான தோழி ஒருத்தி இருந்தால் அதுதான் நல்ல வழி. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். ‘அவ நம்பர் கொடு’ என்று கேட்காதீர்கள். ‘நான் விசாரித்தேன் என்று சொல், அவளுக்குச் சம்மதம் என்றால் நம்பர் கொடு’ என்று கேளுங்கள். இதனால் இரண்டு லாபம். மறுக்க நினைப்பவர் உங்களிடம் நேரடியாக மறுக்க வேண்டிய சங்கடம் இல்லை. அதோடு, அவர் வீட்டில் சமீபத்தில் ஏதாவது துக்கம் நடந்திருந்தால் அந்தப் பொதுத் தோழி உங்களுக்குச் சொல்லிவிடுவாள். அப்படி இருந்தால் ஜாலியான முதல் செய்தி ஆகாது, தள்ளிப்போடுங்கள்.

தேடும்போது அவருடைய பக்கத்தில் பழைய படங்களைத் தோண்டத் தோன்றும். பார்த்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே தெரிந்துகொண்ட எதையும் செய்தியில் காட்டக் கூடாது. ‘உன் பையன் அப்படியே உன்னை மாதிரி’ என்று எழுதினால், நீங்கள் எவ்வளவு நேரம் வேவு பார்த்தீர்கள் என்றுதான் அவருக்குக் கேட்கும்.

3. எந்த வழியில் போகும் என்பதைப் பார்த்து முதல் வரியை அமையுங்கள்

ஃபேஸ்புக்கில் நண்பராக இல்லாதவருக்கு எழுதினால், செய்தி அவருடைய வழக்கமான பெட்டிக்குப் போகாமல் Message requests என்ற தனி இடத்தில் விழும். பலர் அந்தப் பக்கம் மாதக்கணக்கில் போவதே இல்லை. இன்ஸ்டாகிராமிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே உங்களைப் பின்தொடராதவருக்கு, அவர் ஏற்றுக்கொள்ளும் வரை அடுத்தடுத்துச் செய்தி அனுப்ப விடமாட்டார்கள். ஆக, ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பினால் உங்கள் வாய்ப்பை அந்த ஒரு வார்த்தையிலேயே செலவழித்துவிட்டீர்கள்.

வாட்ஸ்அப்பில் செய்தி நேராகப் போய்ச் சேரும். ஆனால் அவர் திரையில் தெரிவது ஓர் அறியாத எண். பக்கத்திலேயே அதைத் தடுக்க ஒரு பொத்தானும் இருக்கும்.

எந்த வழியானாலும் திறப்பதற்கு முன் அவர் கண்ணில் படுவது முதல் சில சொற்கள்தான். ஆகவே நீங்கள் யார் என்பது முதல் வரியிலேயே, அதுவும் அவருக்குத் தெரிந்த உங்கள் பழைய பெயரிலேயே இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் முகம் தெரியும் படமும் இருக்கட்டும். பூவையும் சூரிய உதயத்தையும் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

‘யாருன்னு கண்டுபிடி பார்ப்போம்’ என்று விளையாடுவது எல்லாவற்றையும் விட மோசம். பழைய நண்பர் போல நடித்துப் பணம் பறிப்பவர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நாம் ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் போதும், ‘ஆமாம், அவனேதான்’ என்று அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள்.

நேராக ஃபோன் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அழைப்பு அவரை அந்த நிமிடத்திலேயே ஒரு முகத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. செய்தியென்றால் படித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, தனக்கு வசதியான நேரத்தில் பதில் போடலாம்.

4. ‘நீ’யா ‘நீங்க’ளா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

தமிழில் எழுதுபவர்கள் பலர் மணிக்கணக்கில் நிற்பது இங்கேதான். பள்ளியில் ‘வாடி போடி’, ‘டா’ தவிர வேறு பேச்சே இல்லை. இப்போது அவர் பெரிய பொறுப்பில் இருக்கலாம், தலை நரைத்திருக்கலாம். ‘டி’ போட்டால் அதிகப்பிரசங்கித்தனமோ, ‘நீங்க’ போட்டால் அந்நியமோ என்று தவிப்பார்கள்.

என் முடிவு இது. அந்தக் காலத்தில் நீ-வா-போ என்று பேசியிருந்தால் ‘நீ’ என்றே எழுதுங்கள். ‘டா’, ‘டி’யை மட்டும் முதல் செய்தியில் விட்டுவிடுங்கள். ‘நீ’ பழைய உறவைச் சொல்கிறது. ‘டி’ அந்த உறவு இன்னும் அப்படியே இருப்பதாக உரிமை கொண்டாடுகிறது, அந்த உரிமையை அவர்தான் திருப்பித் தர வேண்டும். அவர் பதிலில் ‘என்னடி’ என்று வந்துவிட்டால் அப்புறம் என்ன, தாராளமாகப் போடுங்கள். அவர் ‘நீங்க’ என்று பதில் எழுதினால் நீங்களும் ‘நீங்க’வுக்கு மாறிவிடுங்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

பட்டப்பெயர் வேண்டவே வேண்டாம். உடலை வைத்தோ மதிப்பெண்ணை வைத்தோ நாம் சிரித்துக்கொண்டு கூப்பிட்ட பெயர், அவர் இருபது வருடமாக மறக்க முயன்ற பெயராக இருக்கலாம்.

5. எழுத உட்காரும் முன் கையைப் பழக்குங்கள்

2024-ல் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரம், லாரா அக்னின் இருவரும் வெளியிட்ட உளவியல் ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். தொடர்பு விட்டுப்போன நண்பருக்கு எழுத ஆசை இருக்கிறது, முகவரி இருக்கிறது, எழுத நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள். பழைய நண்பரைத் தொடர்புகொள்வது அந்நியரோடு பேசுவதைப் போலவே தயக்கம் தந்ததாம்.

தயக்கத்தை ஓரளவு குறைத்தது ஒரு சின்னப் பயிற்சி. முதலில் மூன்று நிமிடம் இப்போதைய நண்பர்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். அதன் பிறகு பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது பாதிக்குச் சற்று அதிகமானோர் அனுப்பினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தினமும் பேசும் இரண்டு பேருக்கு ஏதாவது எழுதிவிட்டு, அந்தச் சூட்டோடு இதற்கு வாருங்கள். உங்கள் நடையும் இயல்பாகிவிடும். வெறுமனே உட்கார்ந்து ஆரம்பித்தால் தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம் எழுதுவது மாதிரிதான் வரும்.

6. செய்தியை எழுதுங்கள்

அனுப்பும் பெட்டியில் எழுதாதீர்கள், விரல் தவறிவிடும். வேறு எங்காவது எழுதி அப்புறம் ஒட்டுங்கள். நான் முதலில் எழுதியது இது:

> ஹாய்!! எப்படி இருக்க? என்னை ஞாபகம் இருக்கா? எத்தனை வருஷம் ஆச்சு! இப்ப எங்க இருக்க, கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளைங்க? உன் கடிதத்துக்கு நான் பதிலே போடல, ரொம்ப ரொம்ப சாரி, அந்த நேரத்துல எனக்கு அவ்வளவு பிரச்சினை, உன்னால புரிஞ்சுக்க முடியும்னு நம்புறேன், தினமும் நினைச்சு அழுதிருக்கேன். உன் நம்பர் அனுப்பு, உடனே பேசணும்!

இதில் தப்பில்லாத வரியே கிடையாது. ‘ஞாபகம் இருக்கா’ என்பது ஒரு பரீட்சை. இல்லை என்றால் அவருக்குச் சங்கடம். கல்யாணம், பிள்ளைகள் என்ற கேள்வி நமக்குச் சாதாரணம். ஆனால் இருபது வருடத்தில் அந்த வீட்டில் பிரிவோ இழப்போ நடந்திருந்தால், முதல் செய்தியிலேயே காயத்தில் கை வைத்ததாகிவிடும். கடைசி வரியில் இருப்பது அவசரம், அது நம்முடைய அவசரம்.

ஆனால் பெரிய தப்பு அந்த மன்னிப்பு. நீளமாக மன்னிப்புக் கேட்டால் ‘பரவாயில்ல, அழாத’ என்று சமாதானம் சொல்லும் வேலை அவர் தலையில் விழுகிறது. பதிலுக்குக் காத்திருந்து ஏமாந்தது அவர், ஆறுதல் மட்டும் நமக்கா? மன்னிப்பு ஒரு வரி போதும். என்ன செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்லக் கூடாது. காரணம் சேர்ந்ததும் அது மன்னிப்பாக இல்லாமல் வாதமாகிவிடும்.

அப்புறம், நினைவு. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவர் அடி வாங்கியது, ஃபெயில் ஆனது, காதல் கடிதம் மாட்டிக்கொண்டது எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். நாம் அசடு வழிந்த நினைவாக இருந்தால் நல்லது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள் ஒன்று அதில் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நம் நினைவு தப்பாக இருந்தாலும் பொருள் நிஜம்தான். அதோடு, நடிப்பவர் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று அது. நீங்கள் நீங்கள்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும், நடந்துமுடிந்த காலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ‘என்ன பண்ற?’ என்று கேட்டால் இருபது வருடத்தைச் சுருக்கி எழுத வேண்டும். ‘அப்புறம் எழுதலாம்’ என்று மூடி வைப்பார், அந்த அப்புறம் வரவே வராது.

மூன்றாம் முறை எழுதி நான் அனுப்பியது:

> நான் (என் முழுப் பெயர்). பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஜன்னல் ஓரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். போன வாரம் வீடு மாறும்போது என் பழைய ஜியோமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. மூடிக்குள் நாம் கீறிய இனிஷியல் அப்படியே இருக்கு. உள்ளே ரெண்டு காம்பஸ் இருக்கு, ஒன்று உன்னுடையதுன்னு நினைக்கிறேன், திருப்பித் தரவே இல்லை போல.
>
> நீ கடைசியா எழுதின கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. தப்பு என் மேல்தான்.
>
> நான் நல்லா இருக்கேன். கணக்கு எழுதும் வேலைதான் பார்க்கிறேன், நம்பினால் நம்பு.
>
> அந்தக் காம்பஸ் உன்னுடையதுதானா? நேரம் கிடைக்கும்போது சொல்லு. பதில் எழுதத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

ஃபோன் திரையில் நகர்த்தாமல் படித்துவிடலாம், அந்த அளவுதான். என்னைப் பற்றி ஒரு வரி வைத்ததற்குக் காரணம் உண்டு. எதுவுமே சொல்லாவிட்டால் ‘என்ன கஷ்டத்தில் இருக்காளோ’ என்று நினைப்பார். நிறையச் சொன்னால் பெருமை அடிப்பதாகிவிடும். கடைசி வரியையும் யோசித்தே வைத்தேன், வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் யாரும் நிம்மதியாக உள்ளே உட்காருவார்கள்.

எழுதியதும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். பள்ளியில் அவரிடம் பேசும்போது வாயில் வராத சொல் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். ‘தங்கள் நலமறிய ஆவல்’ எல்லாம் இங்கேதான் கழன்று விழும். அவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர் என்று தெரிந்தால் நீங்களும் அப்படி எழுதலாம்.

7. அனுப்புங்கள், பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

பகலில் அனுப்புங்கள். நள்ளிரவில் அறியாத எண்ணிலிருந்து வரும் செய்தியைப் பார்த்தால், அது என்னவாக இருந்தாலும் முதலில் பயம்தான் வரும். படம், குரல் பதிவு, இணைப்பு எதுவும் சேர்க்காதீர்கள். அறியாதவர் அனுப்பும் இணைப்பை யாரும் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. ஜியோமெட்ரி பாக்ஸ் படத்தை அனுப்ப எனக்கும் கை துறுதுறுத்தது. அதை இரண்டாம் செய்திக்கு வைத்துக்கொண்டேன்.

அனுப்பியதும் எழுத்துப்பிழை கண்ணில் படும், எப்போதும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அழித்துவிட்டு மறுபடி அனுப்பாதீர்கள். ‘செய்தி நீக்கப்பட்டது’ என்ற தடம் அங்கேயே நிற்கும், எதை மறைத்தாய் என்ற சந்தேகத்தோடு.

8. பதில் வராத நாட்களைச் சரியாகப் படியுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் செய்தி புறப்பட்டுவிட்டது, இன்னும் அவருடைய ஃபோனைச் சேரவில்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு டிக் என்றால் சேர்ந்துவிட்டது. நீலமாகவில்லை என்பதால் படிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அந்த வசதியை அவர் அணைத்து வைத்திருக்கலாம். ஃபேஸ்புக்கிலும் உங்கள் கோரிக்கையை ஏற்காமலே படிக்க முடியும், படித்தது உங்களுக்குத் தெரியாது. ஆகவே டிக்கைப் பார்த்து மனதைப் படிக்க முயலாதீர்கள்.

ஐந்தாறு வாரம் விடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை, முடிந்தால் வேறு வழியில், இரண்டு வரி: ‘போன மாசம் ஒரு செய்தி அனுப்பினேன், வேறு பெட்டிக்குள் போயிருக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.’ அதற்கும் பதில் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பொதுத் தோழியை விட்டு ‘ஏன் பதில் போடல’ என்று கேட்க வைக்காதீர்கள். என்னிடம் வந்தவர்களில் ஒருவர் அப்படிச் செய்து, இருந்த இன்னொரு நட்பையும் கசப்பாக்கிக்கொண்டார்.

வெறும் கட்டைவிரல் பொம்மையோ ‘ஹே, சந்தோஷம்’ என்ற ஒற்றை வரியோ வந்தால் அதுவும் பதில்தான். பதிலுக்கு நீங்கள் மூன்று பக்கம் எழுதாதீர்கள். அவர் எழுதிய நீளத்துக்கே நீங்களும் எழுதுங்கள். அவர் நீட்டினால் நீட்டுங்கள். ‘ஒருநாள் கண்டிப்பா பார்க்கணும்’ என்பதை அவர் வாயிலிருந்து வரும் வரை அடக்கி வையுங்கள்.

9. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால்

அப்போது ஆறாம் படி மாறும். வேடிக்கையான நினைவு வேண்டாம், கேள்வியும் வேண்டாம். யார் என்பது, நீங்கள் செய்தது என்ன என்பது, அது தப்பு என்பது, பதிலை எதிர்பார்க்கவில்லை என்பது. நாலு வரி. ‘நானும் தப்பு, நீயும் தப்பு’ என்று பங்கு பிரிப்பதானால் எழுதாமலே இருக்கலாம். இனி தொடர்பே வேண்டாம் என்று அவர் அன்றே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், இருபது வருடம் ஆனதால் மட்டும் அந்தச் சொல் காலாவதி ஆகிவிடாது.

10. முதல் பதில் வந்ததும்

எனக்குப் பத்தொன்பதாம் நாள் வந்தது. கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ‘அது உன்னுடையதும் இல்ல, என்னுடையதும் இல்ல. பின் பெஞ்சுக்காரியுடையது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுத்தோம், பழியை என் மேல போடாத. அதுல பென்சில் திருகாணி லூசா இருக்கா பாரு.’

இந்த இடத்தில் பலர் அவர் கேட்டதை விட்டுவிட்டு, தாங்கள் இத்தனை நாள் தேக்கி வைத்ததைக் கொட்டிவிடுவார்கள். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நான் பெட்டியைத் திறந்து திருகாணியை ஆட்டிப் பார்த்தேன், லூசாகத்தான் இருந்தது. படம் எடுத்து, ‘ஆடுது’ என்று ஒரே சொல்லோடு அனுப்பினேன்.